கோப்பையோடு கையும் வர வேண்டும்

பள்ளி ஆண்டு விழா முடிந்த மறுநாள் காலையில் தலைமையாசிரியர் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பென்டிரைவ். நான் கொடுத்த அதே பென்டிரைவ்தான்.

"தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க பண்ணல, நாங்கதான். ஓட்டப்பந்தயத்துல சாம்பியன் வாங்கின பொண்ணுக்கு மேடையில ரன்னர் கப்ப எடுத்துக் கொடுத்துட்டாங்க. சுழற்கோப்பை மேசை மேலயே இருந்திருக்கு. ஆண்டு மலர்ல அந்தப் படம் போகணும். சின்ன கப்ப எடுத்துட்டுப் பெரிய கப்ப வெச்சுத் தர முடியுமா?"

முடியும் என்றேன். அரை மணி நேர வேலை என்று அவர் நினைத்தார். உண்மையைச் சொன்னால், நானும் ஒரு ராத்திரிக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடிக்கப் பத்து நாள் ஆயிற்று.

எங்கள் தொழிலுக்கு இது புதிதல்ல. தனித்தனியே எடுத்த தாத்தா, பாட்டி படங்களை ஒட்டி, ஜோடியாக உட்கார்ந்திருப்பதுபோல் ஆக்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளக் கொடுத்ததெல்லாம் பிரிண்டைக் கத்தரித்துத் தூரிகையால் பூசிய காலத்திலேயே நடந்த வேலை. ஆனால் தலையை ஒட்டுவது சுலபம். கழுத்துப் பட்டியிலோ சேலை ஓரத்திலோ வெட்டு மறைந்துவிடும். கையில் ஒரு பொருளைக் கொடுப்பது அப்படியல்ல. விரல்கள் அந்தப் பொருளின் முன்னாலும் இருக்கும், பின்னாலும் இருக்கும், அதை அழுத்தியும் இருக்கும். கோப்பையை மட்டும் வெட்டி ஒட்டினால், கைக்கு முன்னால் கோப்பை மிதக்கும். இணையத்தில் சுற்றும் 'கப் வாங்கிய' படங்களில் பாதி இப்படித்தான் மிதக்கின்றன.

படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மாணவி வலது கையால் சின்ன கோப்பையின் தண்டைப் பிடித்திருக்கிறாள். இடது கை பீடத்துக்கு அடியில். பக்கத்தில் வெள்ளைச் சட்டை, வேட்டியில் சிறப்பு விருந்தினர். அவருடைய கையும் பீடத்தின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. கட்டைவிரல் முன்னே, மற்ற நான்கும் அடியில். மூன்று கைகளும் ஒரு சின்ன கோப்பையும். சின்ன கோப்பையின் தண்டு இரண்டு விரல் தடிமன். அதைப் பிடித்த கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சுழற்கோப்பையின் தண்டோ அதைப்போல் இரு மடங்கு. அதைப் பிடித்தால் கட்டைவிரல் அங்கே வந்து உட்கார முடியாது. அதாவது, இருக்கிற விரல்களைப் பெரிய கோப்பையின் மேல் எடுத்துப் போட்டால் பார்க்கிறவர் மனது ஒத்துக்கொள்ளாது. ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் "என்னமோ இடிக்குது" என்பார்.

எடையும் ஒன்று இருக்கிறது. சின்ன கோப்பை கால் கிலோகூட இல்லாத முலாம் பூசிய பிளாஸ்டிக். சுழற்கோப்பை பித்தளை, மரப் பீடத்தோடு இரண்டு கிலோவுக்கு மேல். கனமான பொருளைத் தூக்கும்போது மணிக்கட்டு நிமிரும், விரல் நுனி அழுந்தி நகத்தின் கீழே வெளுக்கும், முன்கையில் நரம்பு தெரியும். இவற்றைத் திரையில் வரைந்து கொண்டுவர முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தத் திறமை இல்லை. அதனால் நான் எடுத்த முடிவு: கோப்பையை ஒட்டக் கூடாது. அதே மாணவி அதே சுழற்கோப்பையைப் பிடித்திருக்கும் கைகளைப் புதிதாகப் படமெடுத்து, கையும் கோப்பையுமாக மணிக்கட்டோடு ஒட்ட வேண்டும்.

அப்படியானால் முழுப் படத்தையும் மறுபடி எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். சிறப்பு விருந்தினர் அன்றிரவே ஊர் போய்விட்டார்.

மறுபடி எடுப்பதற்கு முன், விழாவன்று நான் எங்கே, எப்படி நின்றேன் என்று தெரிய வேண்டும். பாதி விவரம் படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கிறது: 35 மில்லிமீட்டர் லென்ஸ், 5.6 அபர்ச்சர், ஐ.எஸ்.ஓ. 1600. மீதியை நினைவிலிருந்தும் டேப்பை வைத்தும் எடுத்தேன். மேடையின் உயரம் மூன்றரை அடி. நான் கீழே தரையில் நின்று, ஐந்து அடி உயரத்தில் கேமராவைப் பிடித்திருந்தேன். அப்படியென்றால் மேடைத் தரையிலிருந்து கணக்கிட்டால் என் கேமரா ஒன்றரை அடி உயரத்தில்தான் இருந்தது. கோப்பையின் அடி மூன்று அடிக்கும் மேலே. நான் கோப்பையை அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலான ஒட்டுவேலைகள் மாட்டிக்கொள்கின்றன. ஒரு டம்ளரைக் கண்ணுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். வாய் திறந்து உள்ளே தெரியும், முன்விளிம்பு தொங்கும் மாலைபோல் கீழே வளையும். அதையே கண்ணுக்கு மேலே தூக்குங்கள். உள்ளே தெரியாது, முன்விளிம்பு வில்போல் மேலே வளையும், அடிப்பாகம் கண்ணில் படும். கடைக்காரர்கள் கோப்பைகளை மேசைமேல் வைத்து மேலிருந்து எடுத்த படங்கள்தான் எங்கும் கிடைக்கின்றன. அவற்றில் கோப்பையின் வாய் திறந்திருக்கும். மேடைக்குக் கீழே நின்று எடுத்த படத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால், விருந்தினரின் மூக்குத் துவாரம் தெரியும், கோப்பையின் உள்பக்கமும் தெரியும். இரண்டும் ஒரே கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரியவே தெரியாது. என் கணக்கில் கேமராவிலிருந்து கோப்பை 3 மீட்டர் தூரம், அரை மீட்டர் உயரம். சுமார் 10 டிகிரி ஏற்றம். பீடத்தின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய கீற்றாகத் தெரிந்தே ஆக வேண்டும்.

அளவுக்கு நான் சின்ன கோப்பையையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பள்ளியிலிருந்து அதை வாங்கிவந்து அளந்தேன்: 20 சென்டிமீட்டர். படத்தில் அது 600 பிக்சல். ஆக, ஒரு சென்டிமீட்டருக்கு 30 பிக்சல். சுழற்கோப்பை 45 சென்டிமீட்டர், எனவே 1350 பிக்சல் உயரத்துக்கு வர வேண்டும். கண்ணளவில் வைத்தால் எல்லோருமே கோப்பையைப் பெரிதாகத்தான் வைப்பார்கள். பரிசு என்றாலே மனது ஒரு சுற்று ஊதிப் பார்க்கிறது போலும்.

நான்காம் நாள் மாலை மாணவி அம்மாவோடு வந்தாள். அன்று போட்டிருந்த அதே சீருடை, இடது கையில் அதே வாட்ச், வலது கையில் அதே கறுப்புக் கயிறு. இரண்டையும் கட்டாயம் போட்டுவரச் சொல்லியிருந்தேன். ஒட்டு எங்கே விழ வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. தோலின் நடுவே ஒட்டினால் இரண்டு தோலின் நிறத்தையும் மென்மையையும் இழைய விட வேண்டும், அது எவ்வளவு செய்தாலும் துணியில் தையல்போல் தெரியும். வாட்ச் பட்டையின் விளிம்பிலோ கயிற்றின் விளிம்பிலோ ஒட்டினால் அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது. கண் அதைச் சந்தேகப்படாது.

அவள் நின்றாள், நான் தரையில் உட்கார்ந்து கேமராவை ஒன்றரை அடி உயரத்தில் வைத்தேன். அன்றைய படத்தை லேப்டாப்பில் திறந்து அவள் பக்கத்தில் வைத்து, முன்கையின் சாய்வைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தோம். முப்பது படம் எடுத்தேன். அவள் கை நடுங்க ஆரம்பித்தபோது நிறுத்தினேன். ராத்திரி திறந்து பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை.

காரணம் இரண்டு. இரண்டும் ஒளியைப் பற்றியவை.

முதலாவது, கோப்பையில் என் ஸ்டுடியோ தெரிந்தது. பளபளப்பான உலோகத்துக்குச் சொந்தமாக வெளிச்சமும் நிழலும் கிடையாது என்றே சொல்லலாம். லேசான மஞ்சள் சாயல் ஒன்றுதான் அதனுடையது. மற்றபடி முன்னால் இருப்பதைக் காட்டும் கண்ணாடி அது, வெளிப்பக்கம் வளைந்த கண்ணாடி. கரண்டியின் முதுகில் முழுச் சமையலறையும் தெரிவதைப்போல, கோப்பையின் வயிற்றில் எதிரே இருக்கும் உலகம் முழுதும் சுருங்கித் தெரியும். விழா அன்று எதிரே இருந்தது இருட்டான மைதானம், நடுவில் என் ஃபிளாஷின் ஒரு பொட்டு. ஸ்டுடியோவில் எதிரே இருந்தது வெள்ளைச் சுவர். அதனால் இந்தக் கோப்பை பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அதை மேடைப் படத்தில் வைத்தால், மேடைக்கு எதிரே பகல் என்று அர்த்தம்.

இரண்டாவது, நிழல். விழாவில் இரண்டு பேரையும் முழு உருவமாக எடுக்கக் கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பியிருந்தேன். அப்படித் திருப்பும்போது மேலே இருந்த ஃபிளாஷ் லென்ஸுக்கு இடது பக்கம் போய்விடும். நிழல் படத்தில் வலது பக்கம் விழும். மாணவியின் மூக்கு நிழலைப் பெரிதாக்கிப் பார்த்தால் வலது கன்னத்தோரமாக ஒரு மெல்லிய கோடு. விருந்தினருக்கும் அப்படியே. ஸ்டுடியோவில் நான் சொகமாகக் கேமராவைக் கிடையாகப் பிடித்துவிட்டேன். கோப்பையின் நிழல் சீருடையில் கீழ்ப்பக்கம் விழுந்திருந்தது, விரல்களின் நிழல் தண்டில் கீழே இறங்கியிருந்தது. மூக்குக்கு ஒரு சூரியன், கைக்கு ஒரு சூரியன்.

ஒரு படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிய இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று மூக்கின் நிழல், இன்னொன்று கண்மணி. கண்மணியில் எத்தனை வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவோ அத்தனை விளக்குகள் முன்னால் இருந்திருக்கின்றன. இந்தப் படத்தில் ஒரே புள்ளி. ஆகவே கோப்பையின் வயிற்றிலும் ஒரே புள்ளி. மேடைக்கு மேலே பின்பக்கத்திலிருந்து அடித்த ஊதா நிற எல்.இ.டி. விளக்கு கண்ணில் தெரியாது, ஆனால் இருவருடைய தலைமுடி ஓரத்திலும் ஊதாக் கோடு போட்டிருக்கிறது. கோப்பையின் மேல்விளிம்பிலும் அது வர வேண்டும்.

அம்மாவுக்குப் போன் போட்டு, வெட்கத்தோடு இன்னொரு தடவை வரச் சொன்னேன். விழா முடிந்து ஒன்பதாம் நாள், இருட்டிய பிறகு. இந்த முறை எனக்குப் பின்னால் இருந்த சுவரைக் கறுப்புத் துணியால் மூடினேன். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தேன். ஐ.எஸ்.ஓ. அதே 1600, ஏனென்றால் புதுப் படம் மாசுமருவில்லாமல் இருந்து பழைய படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி இருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். என் உதவியாளர் பையன் வெள்ளைச் சட்டை போட்டு, சிறப்பு விருந்தினர் நின்ற பக்கத்தில் நின்றான். அவன் படத்தில் வரப்போவதில்லை. கோப்பையின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்றாக மட்டும் வருவான். அந்தக் கீற்றை யாரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் மட்டும் கோப்பை அந்த மேடையில் இல்லாததுபோல் தோன்றும். பின்னால் மேலே ஒரு சின்ன விளக்குக்கு ஊதா ஜெலட்டின் தாள் ஒட்டினேன். விரல்களின் பிரதிபலிப்புக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. தண்டின் வளைவில் அவளுடைய விரல்கள் செம்மண் நிறத்தில் நீண்டு தெரிந்தன. கையோடு சேர்த்து எடுப்பதன் பெரிய லாபம் அதுதான்.

இனி கணினி வேலை. முதலில் சின்ன கோப்பையையும் மாணவியின் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, பின்னால் மறைந்திருந்த சீருடையை நிரப்பினேன். சின்ன கோப்பையின் பழைய நிழலையும் மறக்காமல் எடுக்க வேண்டும். பலர் கோப்பையைத் தூக்கிவிட்டு நிழலை விட்டுவிடுகிறார்கள்.

சிறப்பு விருந்தினரின் கையில்தான் சிக்கிக்கொண்டேன். அவர் கை அசல். அதைத் தொடக் கூடாது என்று வைத்திருந்தேன். சின்ன கோப்பையின் பீடம் 8 சென்டிமீட்டர் அகலம், பெரியதன் பீடம் 16. நடுவை நடுவில் வைத்தால் பெரிய பீடம் அவர் பக்கம் 4 சென்டிமீட்டர் கூடுதலாக நீண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. கையை நகர்த்தலாம் என்றால் முழங்கை மடிப்பு, சட்டைச் சுருக்கம் எல்லாம் நகர வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கோப்பையை நகர்த்தினேன். பெரிய பீடத்தின் இடது ஓரத்தைச் சின்ன பீடத்தின் இடது ஓரம் இருந்த அதே இடத்தில் வைத்தேன். கோப்பையின் நடு மாணவி பக்கம் 4 சென்டிமீட்டர், அதாவது 120 பிக்சல், தள்ளிப்போயிற்று. அவளுடைய கை புதிது என்பதால் கோப்பையோடு அதுவும் தள்ளியது. மணிக்கட்டுக் கயிற்றில் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. அவள் எடுத்துக்கொடுத்த படங்களில் முன்கை இன்னும் சற்று உள்ளே மடங்கிய ஒன்றைத் தேடி எடுத்ததும் பொருந்தியது. முப்பது நாற்பது படம் எடுப்பது இதற்காகத்தான்.

அடுக்கும் வரிசை இப்படி வந்தது: அடியில் மாணவி, அதன்மேல் சீருடையில் விழும் நிழல், அதன்மேல் கையும் கோப்பையும், எல்லாவற்றுக்கும் மேலே விருந்தினரின் கட்டைவிரல் மட்டும். அந்தக் கட்டைவிரலைப் பழைய படத்திலிருந்து தனியாக வெட்டி மறுபடி மேலே வைத்தேன். வைத்தும் அது பீடத்தைத் தொடவில்லை, மேலே மிதந்தது. அதன் வலது ஓரமாக, மயிரிழை அகலத்தில் ஒரு கருநிழல் போட்டதும் விரல் கீழே இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டது. தொடும் இடத்தில் நிழல் கறுப்பாகவும் கூர்மையாகவும் இருக்கும். விலக விலக வெளுக்கும். கோப்பைக்கும் சீருடைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருப்பதால் சீருடையில் விழும் நிழல் முக்கால் சென்டிமீட்டர் அளவுக்கு வலப்பக்கம் விலகியது. 22 பிக்சல். அவ்வளவுதான்.

சில பேர் ஒளி பக்கம் மாறிவிட்டால் கோப்பையை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். ஒளி சரியாகிவிடும். கோப்பையில் பொறித்த பள்ளிப் பெயர் தலைகீழாக ஓடும்.

முடித்த படத்தை மாணவியிடம் காட்டினேன். அவள் கோப்பையைப் பார்க்கவில்லை. "அங்கிள், அன்னைக்கு மருதாணி இன்னும் நல்லா சிவந்திருந்துச்சு" என்றாள். உண்மைதான். ஒன்பது நாளில் விரல் நுனிகள் ஆரஞ்சாகியிருந்தன. விழா நாளின் இன்னொரு படத்திலிருந்து நிறத்தை எடுத்து விரல் நுனிகளில் ஏற்றினேன். அப்புறம்தான் சிரித்தாள்.

எனக்குத் திருப்தியில்லாத இடம் ஒன்று அந்தப் படத்தில் இன்னும் இருக்கிறது. தோள். இரண்டு கிலோவைத் தூக்கியிருப்பவளின் தோள் சற்றுப் பின்னால் சாய்ந்து, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். படத்தில் அவளுடைய தோள், கால் கிலோவைத் தூக்கியவளின் தோள். அதை மாற்றப்போனால் முகம் வரை மாற்ற வேண்டும். அங்கே நிறுத்திக்கொண்டேன்.

எந்தப் படத்துக்கும் இதைச் செய்துவிடலாமா என்றால், கூடாது. இந்தப் பெண் அந்தக் கோப்பையை ஓடி வென்றவள், மேசையில் நடந்த குழப்பம்தான் மாறியது. வாங்காத பரிசைக் கையில் வைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அவர்களை அனுப்பிவிடுவேன். செய்தித்தாளுக்கு அனுப்பும் படத்தில் வாங்கிய பரிசைக்கூட வைக்கக் கூடாது. வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியின் விதிகள் படத்தில் எதையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் அனுமதிப்பதில்லை. 2014 ஜனவரியில் ஏ.பி. செய்தி நிறுவனம், புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்த ஒரு புகைப்படக்காரரோடு உறவை முறித்துக்கொண்டது. சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் கிடந்த சக ஊழியரின் வீடியோ கேமராவை அவர் அழித்திருந்தார். அவ்வளவு சின்ன காரியத்துக்கே அது.

அதனால் தலைமையாசிரியரிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தால் சின்ன கோப்பையோடு இருக்கும் அசல் படம்தான் போக வேண்டும். மலரில் போடும்போது படத்தின் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். 'மேடையில் மாற்றி வழங்கப்பட்ட கோப்பைக்குப் பதிலாகச் சுழற்கோப்பை பின்னர் படத்தில் சேர்க்கப்பட்டது' என்று சிறிய எழுத்தில் மலரில் வந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு விழாவுக்குப் போனபோது, மேசையில் இருந்த ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் மாணவரின் பெயர் எழுதிய சீட்டை செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தார்கள்.